உருளும் கையொப்பம்

மெசொப்பொத்தேமியாவின் உருளை முத்திரை ஒரு சிறிய கல் உருளை. உயரம் பெரும்பாலும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். குறுக்களவு அதில் ஏறத்தாழ பாதி. நூல் அல்லது உலோகக் கம்பி கோத்து அணிந்துகொள்ள நடுவில் நீளவாக்கில் ஒரு துளை இருக்கும். வெளிப்புறத்தைச் சுற்றி மனிதர், விலங்கு, தெய்வம், எழுத்து என உருவங்கள் குழிவாக வெட்டப்பட்டிருக்கும். சப்பாத்திக் கட்டையை உருட்டுவதுபோல் அதை ஈரக் களிமண்மீது உருட்டினால் கல்லில் குழிந்தவை மண்ணில் மேடாக எழும். ஒரு முழுச் சுற்றில் படம் முழுதாகப் பதியும். தொடர்ந்து உருட்டினால் முதல் உருவத்தை அடுத்து மறுபடி அதே உருவம் வந்து, முடிவில்லாத பட்டையாக நீளும்.

இத்தகைய உருளைகள் கி.மு. 3500ஐ ஒட்டித் தோன்றின. இன்றைய தெற்கு ஈராக்கிலுள்ள ஊருக் நகரமும், ஈரானின் தென்மேற்கிலுள்ள சூசாவும் இவற்றின் தொடக்க இடங்கள். அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே அங்கே தட்டையான அச்சு முத்திரைகள் புழக்கத்தில் இருந்தன. அவற்றை அழுத்தினால் ஓரிடத்தில் ஒரு பதிவு மட்டும் விழும். கோயில் களஞ்சியங்கள் பெருகி, அவற்றுக்குள் வந்துபோகும் பொருள்களுக்குக் கணக்கு வைக்க வேண்டிவந்த காலத்தில் இது போதவில்லை. ஒரு சாடியின் வாயை மூடிய களிமண் முழுவதையும் இடைவெளி விடாமல் படத்தால் நிரப்பினால், யாராவது ஒரு மூலையைப் பெயர்த்துத் திருட்டுத்தனமாக மீண்டும் பூசினாலும் தெரிந்துவிடும். உருளை அதைச் சில நொடிகளில் செய்து முடித்தது.

களஞ்சியக் கதவைப் பூட்டிய முறை எளியது. கதவிலிருந்து வரும் கயிற்றைச் சுவரில் பதித்த முளையில் சுற்றி, அதன்மேல் ஒரு பிடி களிமண்ணை அப்பி, முத்திரையை உருட்டிவிடுவார்கள். கதவைத் திறக்க மண்ணை உடைத்தே ஆக வேண்டும். திருடனைத் தடுக்கும் வலு இந்தப் பூட்டுக்கு இல்லை. திறந்தது யாருக்கும் தெரியாமல் போகாது என்பதே அதன் பயன். உடைந்து விழுந்த மண் கட்டிகள் காய்ந்து, குப்பையில் சேர்ந்து, ஆயிரக்கணக்கில் இன்றுவரை கிடைக்கின்றன.

அந்தக் கட்டிகளின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் சில வேளைகளில் அதிகம் பேசும். கயிற்றின் முறுக்கு, கோரைப் பாயின் பின்னல், தோல் பையின் சுருக்கம், முளையின் மரவரி ஆகியவை அங்கே பதிந்திருக்கும். சாடியை மூடிய கட்டி வேறு ஊரிலிருந்து சரக்கோடு பயணம் செய்து வந்திருக்கலாம். கதவு பயணம் செய்யாது. ஆகவே முளையின் தடம் உள்ள கட்டி கிடைத்தால், அந்த முத்திரைக்காரர் அதே கட்டடத்தில் பொறுப்பில் இருந்தவர் என்று துணிந்து சொல்லலாம். எழுத்துச் சான்று ஏதும் இல்லாத காலத்து அலுவலகத்தின் அமைப்பை ஆய்வாளர்கள் இப்படித்தான் மீட்டெடுத்தார்கள்.

கல்லும் கருவியும்

முத்திரை வெட்டும் தொழிலாளிக்குச் சுமேரிய மொழியில் பூர்குல் என்று பெயர். அவர் கையாண்ட கற்கள் காலத்துக்குக் காலம் மாறின. தொடக்கத்தில் சுண்ணாம்புக்கல்லும் சலவைக்கல்லும் மிகுதி. பிறகு பச்சை நிறப் பாம்புக்கல், சங்கின் நடுத்தண்டு, ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி என்னும் அடர்நீலக் கல் ஆகியவை சேர்ந்தன. கி.மு. 2000ஐ அடுத்த நூற்றாண்டுகளில், பாபிலோனில் ஹமுராபியின் மரபு ஆண்ட காலத்தில், கறுப்பாக மின்னும் ஹெமடைட் என்னும் இரும்புத்தாதுக் கல்லே நாகரிகம். அசிரியப் பேரரசின் பிற்காலத்தில் படிகம், சூதுபவளம், கால்செடனி போன்ற கடினமான குவார்ட்ஸ் வகைக் கற்கள் மேலோங்கின.

மென்கல்லைச் செம்பு அல்லது வெண்கல உளியால் நேரே கீறலாம். கடினக்கல்லில் உலோகம் தனியாக ஏறாது. வில்லின் நாணைச் சுற்றி முன்னும் பின்னுமாக இழுத்துச் சுழற்றும் துளைக்கருவியின் முனையில் உராய்வுப் பொடியை இட்டு, அந்தப் பொடியைக் கொண்டே கல்லைத் தேய்க்க வேண்டும். அறுப்பது பொடி, அதை ஓட்டிச் செல்வது மட்டுமே கருவியின் வேலை. கி.மு. இரண்டாம் ஆயிரத்தில் சுழலும் சக்கரக் கருவி வந்தபின் வேலை விரைவானது, ஆனால் உருவங்களில் உருண்டைக் குழிகளும் நேர்கோட்டு வெட்டுகளும் அப்படியே துருத்திக்கொண்டு நின்றன. விரைவாக வேலை பார்த்த தொழிலாளி அவற்றை இழைத்து மறைக்கவில்லை. முகம் ஒரு குழி, தோள் ஒரு குழி, கை ஒரு கோடு என்று போய்விட்டார்.

நடுத்துளை பெரும்பாலும் இரு முனைகளிலிருந்தும் துளைக்கப்பட்டு உள்ளே சந்திக்கும். இரண்டும் மிகச் சரியாக நேர்படுவது அரிது; நடுவில் ஒரு சிறு படி இருக்கும். நீண்ட துளையைக் கையால் போடுவதில் இது தவிர்க்க முடியாதது. பழம்பொருள் சந்தையில் உலவும் போலிகளைக் கண்டுபிடிக்க இது ஒரு நல்ல துப்பு. ஒரே அகலத்தில், ஒரே நேராக, வழவழவென்று மறுபக்கம் போகும் துளை ஐயத்துக்குரியது. குழிவுகளுக்குள் சிலிக்கோன் ஊற்றி அச்செடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், உளி கீறியதா, பொடி தேய்த்ததா, சக்கரம் வெட்டியதா என்று கோடுகளின் தன்மையிலேயே தெரியும். சக்கரக் கருவி வராத காலத்துப் பாணியில் இருக்கும் முத்திரையில் சக்கரத்தின் தடம் இருந்தால், பாணியை யாரோ பார்த்து வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

தொழிலாளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மண்ணில் இடமும் வலமும் மாறி விழும். வலக்கையில் வாள் ஏந்திய வீரனைக் கல்லில் இடக்கை வீரனாக வெட்ட வேண்டும். கியூனிபார்ம் எனப்படும் ஆப்பெழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வெட்ட வேண்டும். மறந்துபோய் நேராகவே எழுத்தை வெட்டிய முத்திரைகளும் கிடைத்துள்ளன. இவற்றைக் கல்லில் படிக்கலாம், மண்ணில் படிக்க முடியாது. எல்லாமே கவனப்பிசகு என்று சொல்லிவிடவும் முடியாது. முத்திரை கழுத்திலோ மணிக்கட்டிலோ கிடந்த தாயத்தும்கூட. உருட்டுவதைவிட அணிவதே முக்கியமான ஒருவருக்குக் கல்லில் நேராகத் தெரிவதே வசதி.

அத்தா என்னும் எழுத்தர்

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அத்தாவின் முத்திரை என்ற பெயரில் ஒன்று இருக்கிறது. பச்சைக்கல். உயரம் 3.9 சென்டிமீட்டர், குறுக்களவு 2.55. ஒரு முறை உருட்டினால் எட்டு சென்டிமீட்டர் நீளப் படம் கிடைக்கும். காலம் கி.மு. 2300ஐ ஒட்டியது, அக்காடு நகரை ஆண்ட சர்கோன் மரபினரின் காலம். அந்தக் காலத்துத் தொழிலாளிகள் அதுவரை இருந்த நெருக்கடியான பின்னல் வடிவங்களை விட்டு, உருவங்களுக்கு நடுவே வெற்றிடம் விட்டு, ஒவ்வொன்றையும் தசையும் எடையுமாகச் செதுக்கப் பழகியிருந்தனர். அந்தப் பழக்கத்தின் உச்சம் இது.

படத்தில் உள்ள ஐவருமே கொம்புகள் அடுக்கிய கூம்புத் தலைப்பாகை அணிந்தவர்கள். மெசொப்பொத்தேமியச் சிற்பத்தில் கொம்பு இருந்தால் தெய்வம். வேறு விளக்கம் தேவையில்லை. நடுவில், இரு மலைகளுக்கு இடையிலிருந்து ஒருவர் இடுப்புவரை மேலே வந்துவிட்டார். தோள்களிலிருந்து கதிர்கள் கிளம்புகின்றன. கையில் ரம்பம்போல் பல் வைத்த கத்தி. இவர் சூரியதேவன் ஷமாஷ். இரவெல்லாம் பூமிக்கு அடியில் இருந்தவர், கிழக்கு மலையை அறுத்துக்கொண்டு எழுகிறார். பார்ப்பவருக்கு அவரது இடப்பக்கத்தில், மலைமேல், சிறகு விரித்து நேர்முகமாக நிற்பவள் இஷ்தார். காதலுக்கும் போருக்கும் உரிய தெய்வம் என்பதால் தோள்களிலிருந்து ஆயுதங்கள் முளைத்திருக்கின்றன, கையில் பேரீச்சங்குலை. வலப்பக்கம் ஒரு காலை மலைமீது ஊன்றி நிற்பவர் ஏயா, நிலத்தடி நன்னீருக்கும் அறிவுக்கும் உரியவர். அவரது தோள்களிலிருந்து நீரோடைகள் வழிகின்றன, ஓடைகளில் மீன்கள். அவருக்குப் பின்னால் ஒருவர் கையை உயர்த்தி நிற்கிறார். முகம் முன்னும் பின்னுமாக இரண்டு. அவர் ஏயாவின் அமைச்சர் உஸ்மு. இடக் கோடியில் வில்லும் அம்பறாத்தூணியுமாக ஒரு தெய்வம், அருகே சிங்கம். இவரது பெயரில் மட்டும் அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. நுஸ்கு போன்ற வேட்டைத் தெய்வமாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து.

படத்தில் ஒரு சிறு கட்டத்துக்குள் இரண்டு வரி எழுத்து. முதல் வரி அத்தா. இரண்டாவது வரி எழுத்தர் என்னும் பதவி. அவ்வளவுதான், தந்தை பெயர் இல்லை, அரசன் பெயர் இல்லை.

இதைக் கதையின் ஒரு காட்சி என்று சொல்ல முடியுமா என்பது நியாயமான கேள்வி. இந்த ஐவரும் இப்படி ஓரிடத்தில் கூடிய நிகழ்ச்சியைச் சொல்லும் கதை எதுவும் எழுத்தில் கிடைக்கவில்லை. ஆனாலும் படம் அசைவில்லாமல் நிற்கவும் இல்லை. சூரியன் எழும் கணம் அதன் மையம். இருபுறமும் நிற்பவர்கள் அந்தக் கணத்தைச் சூழ்ந்தவர்கள். யார் யார் என்பதை அறிய முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கதிர், ரம்பம், மீன், சிறகு, இரட்டை முகம் என்று ஒவ்வொரு தெய்வத்துக்கும் உரிய அடையாளம் நகத்தளவு இடத்தில் உள்ளது. அத்தாவைச் சுற்றியிருந்தவர்களுக்கு அந்த அடையாளம் கண்ணில் பட்டதுமே அந்தத் தெய்வத்தின் கதைகள் எல்லாம் நினைவுக்கு வந்திருக்கும். சிறு முத்திரையில் கதை சொல்லும் உத்தி இதுதான். நிகழ்ச்சிகளை வரிசையாகக் காட்ட இடம் இல்லாததால், கதையை ஏற்கெனவே அறிந்தவருக்கு அதன் சாவியை மட்டும் கொடுத்துவிடுகிறது.

இதற்கு விலக்காக ஒரு கதை மட்டும் தெளிவாக அகப்படுகிறது. கீஷ் நகரத்து மன்னன் எத்தானா பிள்ளையில்லாதவன். மகப்பேறு தரும் செடியைத் தேடி, தான் குழியிலிருந்து காப்பாற்றிய கழுகின் முதுகில் ஏறி வானுலகுக்குப் பறக்கிறான். அக்காடு காலத்து முத்திரைகள் சிலவற்றில் ஒருவன் கழுகின்மேல் மேலே போகிறான். கீழே ஆட்டு மந்தை, இடையர், அண்ணாந்து பார்க்கும் நாய்கள். வேறு கதையாக இருக்க வழியில்லை. இந்தக் கதையை எழுத்தில் தரும் மிகப் பழைய களிமண் பலகைகள் இம்முத்திரைகளுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவை. ஆக, கதை எழுதி வைக்கப்படுவதற்கு முன்பே மக்கள் வாயில் உலவியது என்பதற்குச் சான்று இந்தக் கற்கள்தான். இதே துணிச்சலோடு முற்கால அறிஞர் சிலர், காளைமாட்டோடும் சிங்கத்தோடும் மல்லுக்கு நிற்கும் ஒவ்வொரு வீரனையும் கில்கமேஷ் என்று அழைத்தனர். இப்போது பெரும்பாலோர் அதைக் கைவிட்டுவிட்டனர். அந்த வீரர் உருவம் கில்கமேஷ் கதையின் எந்தத் திருப்பத்தோடும் பொருந்தவில்லை.

உருட்டியவர் கட்டுப்பட்டவர்

கி.மு. 21ஆம் நூற்றாண்டில் ஊர் நகரத்தைத் தலைநகராகக் கொண்ட அரசு, ஆடு, வாற்கோதுமை, கம்பளி, கூலி என எல்லாவற்றுக்கும் களிமண் பலகையில் ரசீது எழுதியது. பல்லாயிரம் பலகைகள் கிடைத்துள்ளன. அவற்றில் முத்திரை உருட்டியவர் யார் என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். பொருளைப் பெற்றுக்கொண்டவர் உருட்டுகிறார். கடன் பத்திரத்தில் கடன் வாங்கியவர் உருட்டுகிறார். விற்பனைப் பத்திரத்தில் உரிமையை விட்டுக்கொடுக்கும் விற்பவர் உருட்டுகிறார். யார் ஒரு பொறுப்பை ஏற்கிறாரோ, அல்லது உரிமையை இழக்கிறாரோ, அவரது முத்திரைதான் வேண்டும். கடன் கொடுத்தவர் பலகையைத் தம்மிடம் வைத்திருப்பார். கடன் தீர்ந்ததும் பலகை உடைக்கப்படும்.

முக்கியமான ஆவணத்துக்கு உறையும் உண்டு. எழுதிய பலகையைச் சுற்றி மெல்லிய களிமண் உறை போர்த்தி, அதன்மேல் ஒப்பந்தத்தின் சாரத்தை மறுபடி எழுதி, தரப்பினரும் சாட்சிகளும் முத்திரையை உருட்டுவார்கள். கி.மு. 19ஆம் நூற்றாண்டில் அசிரிய வணிகர்கள் இன்றைய துருக்கியிலுள்ள கனேஷ் நகரில் குடியிருந்து வெள்ளிக்குத் தகரமும் துணியும் விற்றபோது, இந்த உறைகள்தான் அவர்களது பத்திரப் பெட்டி. உறையில் யாராவது எண்ணைத் திருத்தினால் உள்ளே இருக்கும் பலகை காட்டிக்கொடுக்கும். அதைப் பார்க்க உறையை உடைக்க வேண்டும். உடைத்தால் முத்திரைகளும் போய்விடும். எனவே வழக்கு என்று வந்தாலொழிய யாரும் உடைப்பதில்லை.

முத்திரை இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? நகத்தைக் களிமண்ணில் அழுத்தினார்கள், அல்லது உடையின் ஓரத்தைப் பதித்தார்கள். நம் ஊர்க் கைநாட்டுக்கு அவர்கள் வழியில் அமைந்த மாற்று. பிறை வடிவ நகக்குறிகள் வரிசையாக உள்ள பலகைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. பக்கத்திலேயே இன்னார் தம் முத்திரைக்குப் பதிலாக நகத்தைப் பதித்தார் என்ற குறிப்பும் இருக்கும். நிப்பூர் நகரில் இன்னொரு வழக்கம் இருந்தது. பத்திரம் எழுதும்போதே பூர்குல் வந்து, அந்த ஒரு பத்திரத்துக்காகத் தரப்பினரின் பெயரை மட்டும் பொறித்து உடனடியாக ஒரு முத்திரை செய்து தருவார். அவற்றின் பதிவுகள் பலகைகளில் நிற்கின்றன. மலிவான மென்பொருளில் செய்திருக்க வேண்டிய அந்த முத்திரைகள் கிடைக்கவில்லை.

முத்திரை தொலைந்தால் ஆபத்து. எடுத்தவர் உரியவர் பெயரில் கடன் வாங்கலாம். ஒரு வணிகரின் முத்திரை காணாமற்போனதைப் பற்றிய சுமேரியப் பலகை ஒன்று உண்டு. பெயர் பொறித்த முத்திரை தொலைந்தது என்று சபையின் சொற்படி அறிவிப்பாளர் தெருக்களில் கொம்பு ஊதி அறிவிக்கிறார். இனி அந்த முத்திரையைக் காட்டி யாரும் அவர்மீது உரிமை கோர முடியாது. எழுத்துப் பள்ளியில் மாணவர்கள் பார்த்து எழுதிய மாதிரிப் பத்திரம் இது. மாதிரியாகப் பாடத்தில் வைக்கும் அளவுக்கு அடிக்கடி நேர்ந்த சங்கடம் என்று கொள்ளலாம்.

பெயர் வந்ததும் படத்தின் வேலை மாறியது. ஊர் அரசின் காலத்து முத்திரைகளில் ஒரே காட்சி நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். அரியணையில் ஒரு தெய்வமோ அரசனோ அமர்ந்திருக்க, துணைத் தெய்வம் ஒருத்தி முத்திரைக்காரரின் மணிக்கட்டைப் பிடித்து முன்னே அழைத்துச் செல்கிறாள். தலையை மழித்து, கையை உயர்த்தி வணங்கி நிற்கிறார் அவர். மேலே பிறை. எல்லாம் ஒரே மாதிரி. வேறுபாடு எழுத்தில்தான்: அரசன் பெயர், பிறகு இன்னாரின் மகன் இன்னார், இந்தப் பதவி, உன் அடியான். பலகையில் உருட்டும்போதும் எழுத்து விழும்படிதான் பார்த்து உருட்டினார்கள். படம் பாதி வெட்டுண்டாலும் கவலையில்லை. அழகு கருதி முத்திரைகளைத் தேடுவோருக்கு இந்தக் காலம் சலிப்பூட்டும். ஆனால் அலுவலகம் நடத்தியவர்களுக்கு அந்தச் சலிப்பே தேவையாக இருந்தது. காட்சி சொன்னது ஒன்றே: இவர் அரசனின் முன் செல்லத் தகுதி பெற்றவர். பதவி உயர்ந்தால் புதிய முத்திரை. அரசன் மாறினால் எழுத்தும் மாற வேண்டும். பெயரைத் தேய்த்து அழித்துவிட்டுப் புதிய பெயர் வெட்டிய பழைய கற்களும் உண்டு. எழுத்துக் கட்டம் மட்டும் சற்றுப் பள்ளமாக இருப்பதைக் கொண்டு அதைக் கண்டுகொள்ளலாம்.

பெண்களின் முத்திரைகளும் தனியே கவனிக்க வேண்டியவை. ஊர் நகரத்து அரச கல்லறைகளில் லியோனார்ட் வூலி அகழ்ந்தெடுத்த பூஆபி என்பவளின் உடலருகே மூன்று உருளை முத்திரைகள் இருந்தன. காலம் கி.மு. 2600ஐ ஒட்டியது. லாபிஸ் லாசுலியில் செய்த ஒன்றில் இரண்டு அடுக்குகளில் விருந்துக் காட்சி. பெயரும் அரசி என்ற பட்டமும் மட்டும் பொறித்திருக்கிறது. கணவன் பெயர் இல்லை.

சுவரில் அதே கதை

களிமண்ணில் எழும் முத்திரைப் பதிவு ஒரு குட்டிப் புடைப்புச் சிற்பம். எனவே பெரிய கற்களில் புடைப்புச் சிற்பம் செய்தவர்களும் முத்திரை வெட்டியவர்களும் ஒரே உருவ மொழியைப் பேசினார்கள் என்பதில் வியப்பில்லை. ஊருக்கில் கிடைத்த, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள அலபாஸ்டர் கல் ஜாடி இதற்குப் பழைய சான்று. கி.மு. 3200ஐ அடுத்த காலத்தது. அடியில் நீர், அதன்மேல் பயிர், பயிர்மேல் ஆடுகள், அதன்மேல் காணிக்கை சுமந்து வரும் ஆடையற்ற ஆண்கள், உச்சியில் இனன்னா தேவியின் வாசல். ஜாடியைச் சுற்றி நடந்து பார்த்தால் பட்டைகள் முடிவின்றிச் சுழல்கின்றன. உருளையின் பட்டையும் அப்படித்தான். அங்கே தேவிமுன் வரும் தலைவனின் உருவம் சிதைந்துவிட்டது. ஆனால் அவன் வலைப்பின்னல் பாவாடை உடுத்தியவன் என்பதை அதே காலத்து முத்திரைகளைக் கொண்டு நிரப்பிக்கொள்ள முடிகிறது. ஒரு முத்திரையில் அவனே இரு கைகளிலும் பூங்கொம்பு ஏந்தி ஆடுகளுக்கு ஊட்டுகிறான்.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலுள்ள ஹமுராபியின் சட்டக்கல் 2.25 மீட்டர் உயரம். உச்சியிலுள்ள சிற்பத்தில் ஷமாஷ் அமர்ந்திருக்கிறார், தோள்களில் அதே கதிர்கள். எதிரே மன்னன் கையை வாயருகே உயர்த்தி நிற்கிறான். முத்திரைகளில் அதிகாரிகள் அரசன் முன் நின்ற அதே நிலை. இடையில் அழைத்துச் செல்லும் துணைத் தெய்வம் மட்டும் இல்லை. மன்னனுக்குப் பரிந்துரை தேவையில்லை என்பதை அந்த வெற்றிடம் சொல்லிவிடுகிறது. முத்திரைக் காட்சியைப் பழகிய கண்ணுக்கே அது உறைத்திருக்கும்.

நினிவே அரண்மனைச் சுவர்களில் அசூர்பனிபால் மன்னன் (கி.மு. 7ஆம் நூற்றாண்டு) செதுக்கச் செய்த சிங்க வேட்டையில்தான் முத்திரையால் முடியாததைச் சிற்பம் செய்கிறது: காலத்தை ஓட்டுகிறது. ஒரு பலகையில் கூண்டுக் கதவை ஆள் தூக்க, சிங்கம் வெளியே வருகிறது. அடுத்து அம்பு பாய்ந்தபடி ஓடுகிறது. அதற்கடுத்து மன்னன்மேல் பாய்கிறது. மூன்று சிங்கங்கள் என்றும் பார்க்கலாம், ஒரே சிங்கத்தின் மூன்று கணங்கள் என்றும் பார்க்கலாம். மீட்டர் கணக்கில் சுவர் இருந்தால்தான் இப்படிச் சொல்ல முடியும். முத்திரைக்கு மூன்றில் ஒன்றே கிட்டும். அசிரிய அரசு தேர்ந்தது கடைசிக் கணத்தை. பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கத்தை மன்னன் ஒரு கையால் பிடித்து மறுகையால் கத்தியைப் பாய்ச்சும் காட்சிதான் அசிரிய அரச முத்திரை. கி.மு. 9ஆம் நூற்றாண்டிலிருந்து பேரரசு வீழும்வரை அதையே பயன்படுத்தினார்கள். அது உருளை அல்ல, வட்டமான அச்சு முத்திரை. பெரும்பாலான பதிவுகளில் எழுத்தே இல்லை. மன்னர்கள் மாறினாலும் படம் மாறவில்லை. ஒரே மாதிரியான பல முத்திரைகள் பல அலுவலகங்களில் இருந்தன. கையொப்பத்தின் பொறுப்பு பெயரை விட்டுப் படத்துக்கே திரும்பியது. இம்முறை அது சுட்டியது தனி ஒருவரை அல்ல, அரசை.

இதே அசிரியர் ஒரு முக்கிய ஆவணத்துக்குப் பழைய உருளைகளைத் தேடி எடுத்ததும் உண்டு. கி.மு. 672இல் எசர்ஹாதன் மன்னன் தன் மகன் அசூர்பனிபாலுக்கு வாரிசுரிமையை உறுதிசெய்ய, அடங்கிய சிற்றரசர்களிடம் சத்தியம் வாங்கினான். நிம்ருதில் 1955இல் கிடைத்த அந்த ஒப்பந்தப் பலகைகளில் மூன்று முத்திரைகள் உருட்டப்பட்டுள்ளன. மூன்றும் அசூர் தெய்வத்துக்கு உரியவை. ஒன்று அப்போதே ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானது, இன்னொன்று இடைக்காலத்தது, மூன்றாவது எசர்ஹாதனின் தந்தை செனகெரிப் செய்வித்தது. ஒப்பந்தத்தின் தரப்பினராக மன்னனின் கையொப்பம் இல்லை. தெய்வமே உருட்டியதாகக் கணக்கு. மீறினால் பகைத்துக்கொள்வது தெய்வத்தையே.

உருளையைக் கைவிட்டது கலையில் ஏற்பட்ட தளர்ச்சியால் அல்ல. எழுதும் பொருள் மாறியது. கி.மு. முதல் ஆயிரத்தில் அரமேய எழுத்து பரவி, தோலிலும் பப்பைரஸிலும் மையால் எழுதத் தொடங்கினர். சுருட்டிக் கட்டிய ஆவணத்தின் நூல்முடிச்சில் ஒட்டும் களிமண் உருண்டை விரல்நுனி அளவே. அதில் உருட்ட இடம் ஏது? அழுத்தும் அச்சு முத்திரை போதும். பாரசீக மன்னர்களின் காலத்தில் இரண்டும் அருகருகே இருந்தன. பாபிலோனியர் ஒவ்வொருவரும் ஒரு முத்திரையும் ஒரு கைத்தடியும் வைத்திருந்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதியது அந்தக் காலத்தைப் பற்றியே. தேரில் நின்று சிங்கத்தை எய்யும் காட்சியும் மும்மொழிகளில் தாரயவஉஷ் மன்னனின் பெயரும் பொறித்த அழகான உருளை ஒன்று எகிப்திலிருந்து வந்து இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அலெக்சாந்தருக்குப் பிந்திய கிரேக்க ஆட்சியில் டைகிரிஸ் கரையிலிருந்த செலூசியா நகரின் ஆவணக் காப்பகத்தில் ஆயிரக்கணக்கான களிமண் பதிவுகள் கிடைத்தன. அவற்றில் பதிந்திருப்பவை மோதிர முத்திரைகள்.